செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: கடை உரிமத்தைப் படித்த ஆண்டு

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும், தேக்கா, ஈசூன், தோ பாயோ என்று பல இடங்களிலிருந்து கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்திருக்கும் டிபன் கடை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் விருந்து, குடும்ப தினம், இரத்த தானம் மூன்றும் வழக்கம்போல் நல்லபடி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே ஒரு விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். மாதக் கூட்டங்களில் நாம் ஆளுக்கு ஒரு முறை நம் கடை உரிமத்தைக் கொண்டுவந்து வரிவரியாக வாசித்தோமே, அதுதான்.

தொடங்கியதற்குக் காரணம் ஒரு காப்பிக்கடையில் இட்லி, தோசை விற்கும் நம் அக்கா ஒருவர். உரிமக் கட்டணம் ஜைரோவில் தானாகப் போய்விடும் என்று நம்பியிருந்தார். இடையில் வங்கிக் கணக்கை மாற்றியபோது ஜைரோ நின்றுபோனது. நினைவூட்டல் மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஆனால் அது முதலில் விண்ணப்பம் போட்டுக்கொடுத்த தம்பியின் முகவரிக்குப் போயிருக்கிறது. அந்தத் தம்பி வேலை மாறி இரண்டு ஆண்டாகிறது. காலாவதிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அக்கா தற்செயலாக என்னிடம் தாளைக் காட்டினார். “தேதி அக்டோபர்தானே?” என்று கேட்டார். அக்டோபர் என்பது உரிமம் அச்சிட்ட நாள். ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்ற வரியில் இருந்ததோ செப்டம்பர். அன்றிரவே அரசாங்க உரிமங்களுக்கான GoBusiness தளத்தில் அவருடைய சிங்பாஸில் நுழைந்து, தொடர்பு முகவரியை மாற்றி, புதுப்பித்துக் கட்டணமும் கட்டினோம். உரிமம் முடிந்த பிறகு ஒரு நாள் கடை திறந்திருந்தாலும் அது உரிமமில்லாத வியாபாரம்தான், சட்டப்படி குற்றம்.

ஆகவே தாளில் முதலில் தேட வேண்டியது அந்த ‘வரை’ என்ற தேதியை. இதில் இந்த ஆண்டு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2019 ஏப்ரலில், நமக்கு உரிமம் தரும் சிங்கப்பூர் உணவு அமைப்பு தொடங்கியபோதும், அதற்கு முன் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் காலத்திலும், நம்மில் பலருக்கு உரிமம் என்றால் ஆண்டுக்கொரு முறை, அதே மாதம். 2026 ஜனவரி 19 அன்று ‘சேஃப்’ என்ற புதிய மதிப்பீட்டு முறை வந்த பிறகு, கடையின் சுகாதார வரலாற்றைப் பொறுத்து 3, 5, 10 ஆண்டு உரிமங்கள் வந்துவிட்டன. பக்கத்துக் கடைக்காரர் புதுப்பிக்கும்போது நாமும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் இனி உதவாது. நீண்ட கால உரிமத்தில் எனக்குள்ள பயம் வேறு: பத்து ஆண்டில் கைப்பேசி எண் மாறும், மின்னஞ்சல் மாறும், கணக்குப் பார்ப்பவர் மாறுவார். தேதி மட்டும் அங்கேயே காத்திருக்கும்.

தேதிக்கு அடுத்து, பெயரும் முகவரியும். தோ பாயோ பக்கம் நம் அண்ணன் ஒருவர் தனியுரிமைத் தொழிலாக நடத்திய கடையைத் தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தார். பெயர்ப்பலகை, சமையல்காரர், தோசைக்கல், எல்லாம் அதேதான். ஆனால் நிறுவனத்துக்குப் புதிய யுஇஎன் என்ற பதிவு எண் கிடைத்துவிட்டது. உரிமத்தில் இருப்பதோ பழைய எண். உரிமத்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது. சட்டத்தின் கண்ணில் புதிய நிறுவனம் வேறோர் ஆள். அண்ணன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று: வாடகை ஒப்பந்தம் புதிய பெயரில், கடையின் வரைபடம், பூச்சி ஒழிப்பு ஒப்பந்தம், துப்புரவு அட்டவணை. காப்பிக்கடை முதலாளியிடம் வாடகை ஒப்பந்தத்தை மாற்றி வாங்கத்தான் அதிக நாள் பிடித்தது. நல்லவேளையாக அண்ணன், நிறுவனத்தின் பெயரில் ரசீது போடத் தொடங்கும் முன்பே எங்களிடம் கேட்டார். வாடகை ஒப்பந்தம் கையில் இருந்தால் போதும், அதுவே உரிமம் என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அது இடத்துக்கு, இது சமைத்து விற்பதற்கு. இரண்டும் வேண்டும்.

முகவரி வரிதான் கூட்டத்தில் அதிகப் பேச்சைக் கிளப்பியது. அதில் கட்டட எண்ணோடு கடை எண்ணும் இருக்கும். உரிமம் அந்த நான்கு சுவருக்குள் நடப்பதற்கு மட்டுமே. ஜூலைக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து வெளிப்படையாகச் சொன்னார்: “கிரைண்டர் வைக்க இடமில்லை, மாவை வீட்டில்தான் ஆட்டுகிறேன்.” அவர் சொன்னதும் இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். வீவக வீட்டில் ஆட்டிய மாவைக் கடையில் ஊற்றி விற்பது உரிமத்துக்குள் வராது. அந்த வீட்டை யாரும் சோதித்து அனுமதி கொடுக்கவில்லை. இரவெல்லாம் புளிக்கும் மாவு, மதியம் வரை இருக்கும் தேங்காய்ச் சட்னி, இவற்றில் வயிற்றுக்கோளாறு வந்தால் விசாரணை கேட்கும் முதல் கேள்வியே எங்கே தயாரித்தது என்பதுதான். மூவரும் சேர்ந்து இப்போது உரிமம் பெற்ற ஒரு மையச் சமையற்கூடத்தில் மாவு வாங்குகிறார்கள். செலவு கூடியது உண்மை. ஒருவர் தோசைக்குப் பத்து காசு ஏற்றினார், வாடிக்கையாளர் குறையவில்லை.

நிபந்தனைத் தாளை வாசித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் உள்ளபடிதான் கடை இருக்க வேண்டும். இரண்டாவது தோசைக்கல்லுக்காகக் கை கழுவும் தொட்டியைப் பின்பக்கம் தள்ளிவைத்த ஒருவர், அதற்கு முன்கூட்டியே ஒப்புதல் கேட்டிருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தார். தொட்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

அப்புறம், மாட்டிவைக்கும் விஷயம். உரிமமும் தர அட்டையும் கடைக்கு வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். செயற்குழுவிலிருந்து நாங்கள் இருவர், அழைத்த உறுப்பினர்களின் கடைகளுக்கு மட்டும் போய்ப் பார்த்தோம். ஒரு கடையில் உரிமம் குளிர்பெட்டிக்குப் பின்னால். இன்னொன்றில் தீபாவளித் தோரணம் அதன் மேல் தொங்கியது, பக்கத்தில் முருகன் காலண்டர். மூன்றாவது கடையில் கண்ணெதிரேதான் இருந்தது, ஆனால் லேமினேட் செய்தது முந்தைய ஆண்டின் உரிமம். புதியது மின்னஞ்சலில் பிடிஎஃப் கோப்பாக அப்படியே கிடந்தது. இது எளிதில் நடக்கும். லேமினேட் செய்தால் மாற்ற மனம் வராது. பிளாஸ்டிக் உறையில் போட்டு, பணம் வாங்கும் மேசைக்கு மேல், கண்மட்டத்தில், ஆவியும் எண்ணெயும் தெறிக்காத பக்கம் மாட்டுங்கள். புதிய தர அட்டை கிடைத்தவர்கள் பழையதைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் ஒட்டியிருந்தால் வருகிறவர் எதை நம்புவார்?

வேலையாட்களைப் பற்றி ஒரு வரி. உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியின் முதல் நிலையில் தேறி, உங்கள் உரிமத்தின்கீழ் பதிவாகியிருக்க வேண்டும். முதல் புத்தாக்கப் பயிற்சி ஐந்தாம் ஆண்டுக்குள், பிறகு பத்தாண்டுக்கு ஒரு முறை. அந்தச் சான்றிதழின் தேதியும் உரிமத்தின் தேதியும் ஒன்றாக வராது, தனித்தனியே குறித்துவையுங்கள்.

ஏப்ரல் கூட்டத்திலிருந்து சங்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். உறுப்பினர் பெயர், கடை எண், உரிமம் முடியும் நாள், மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவர் யார் என்ற நான்கு கட்டங்கள். முடியும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே நானோ துணைச் செயலாளரோ தொலைபேசியில் கூப்பிடுவோம். இன்னும் நோட்டில் பெயர் எழுதாதவர்கள், அடுத்த கூட்டத்துக்கு உரிமத்தின் நகலோடு வாருங்கள். அசல் கடையிலேயே தொங்கட்டும்.