நோட்டீஸ் வந்திருக்கிறது, படித்துவிட்டேன்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுவது. மஞ்சக்குப்பம் வீட்டுக் கடனுக்காக வங்கி அனுப்பிய நோட்டீஸ் நேற்று, மார்ச் 14, பதிவுத் தபாலில் வந்தது. போனில் சொன்னதுமே "வீடு போச்சும்மா" என்று உடைந்துபோனாய். வசூல் பிரிவில் வருஷக்கணக்கில் இந்த நோட்டீஸ்களைத் தயார் செய்தவள் நான். வீடு போகவில்லை கண்ணா. இது, வங்கிகள் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்திலிருந்து கடனை வசூலிக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 13(2) பிரிவில் வரும் கேட்பு நோட்டீஸ், அதாவது முதல் படி. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு தனியாகக் கலங்காதே. போட்டோ அனுப்பியிருக்கிறேன், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி.

உன்னைப் பயமுறுத்தியது 18,39,300 ரூபாய் என்ற தொகைதானே? அது நீ கட்டத் தவறிய தவணைகளின் கூட்டல் இல்லை. தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கை வாராக்கடன் என்று வகைப்படுத்துவார்கள். அதன்பிறகு முழுக் கடனையும் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வரும். உன் நவம்பர் 5 தவணை நின்றதால் பிப்ரவரி 3 அன்று வகைப்படுத்தியதாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரிதான்.

தொகையைப் பிரித்துப் பார்த்தேன். பிப்ரவரி 28 வரை அசல் பாக்கி 17,71,420, நாலு மாத வட்டி 53,140, இதர கட்டணம் 14,740. மூன்றும் சேர்ந்தால் அப்படியே அவர்கள் போட்ட தொகை வருகிறது. அப்படியானால் பிப்ரவரி 10 அன்று நீ அனுப்பிய 25,000 எங்கே? கழிக்கவே இல்லை. கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட்டிலும் அந்த வரவு இல்லை. எந்தக் கணக்குக்கு என்று தெரியாத பணத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கலாம். நீ பணம் அனுப்பியதற்கான ரசீதை, பரிவர்த்தனை எண் தெரியும்படி, இன்றே அனுப்பு. "இதர கட்டணம்" என்று ஒரே வரியில் போட்டிருப்பதையும் விடக்கூடாது. அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-இலேயே சொல்லிவிட்டது. அதனால் அந்த 14,740-க்கு விவரம் கேட்போம்.

அடுத்தது கெடு. 60 நாள் கொடுத்திருக்கிறார்கள். நம் கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணிக்கொண்டிருக்காதே. சட்டத்தில் நோட்டீஸ் தேதியிலிருந்து என்றுதான் இருக்கிறது. நோட்டீஸ் தேதி மார்ச் 3, ஆக மே 2-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொள்வோம். அதற்குள் தீராவிட்டால்தான் வீட்டைச் சுவாதீனம் எடுக்கும் நடவடிக்கைக்குப் போகலாம். இந்த நோட்டீஸ் வந்தபிறகு வங்கியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மாடியைக் கேட்டு வந்தவர்களிடம் இப்போதைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நாம் ஆட்சேபணை எழுதலாம் என்பது 13(3A) பிரிவு தரும் உரிமை. எழுதினால் வங்கி அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். ஏற்காவிட்டால் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் காரணத்தை எழுதித் தெரிவிக்க வேண்டும். இந்த வாரமே அனுப்பினால் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் பதில் வந்துவிடும், அதன்பிறகும் நமக்கு நாள் இருக்கும். ஆனால் பதில் எழுதியதாலேயே 60 நாள் ஓட்டம் நிற்காது. அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு ஓடவும் முடியாது. சுவாதீன நடவடிக்கை எடுத்தபிறகுதான் அந்தக் கதவு திறக்கும், அப்போது 45 நாளுக்குள் போக வேண்டும்.

அதனால் கடிதத்தில் கெஞ்சல் வேண்டாம். "என் நிலைமையைப் பாருங்கள்" என்று எழுதிய கடிதங்களுக்கு "பரிசீலிக்க இயலாது" என்று ஒற்றை வரி பதில் போவதை எத்தனையோ பார்த்திருக்கிறேன். தொகை தப்பு என்று ஆதாரத்தோடு சொன்னால் அவர்கள் கணக்கைத் திறந்து பார்த்தே தீரணும். இப்படி எழுதியிருக்கிறேன்: 25,000-ஐ வரவு வைத்துத் திருத்திய தொகையைத் தெரிவிக்கவும், கட்டணங்களின் தனித்தனி விவரம் தரவும், நிலுவைத் தவணைகள் முழுவதையும் கட்டினால் கணக்கை வழக்கமான நிலைக்குத் திருப்பி, நோட்டீஸ் மீதான மேல்நடவடிக்கையைக் கைவிடுவதை எழுத்தில் உறுதி செய்யவும்.

அந்தக் கடைசிக் கோரிக்கைதான் நமக்கு முக்கியம். நாலு தவணை 79,400. நீ அனுப்பியது போக 54,400. மார்ச் தவணை 19,850 சேர்த்தால் 74,250, அதோடு நியாயமான கட்டணம். அசல், வட்டி நிலுவை முழுக்கத் தீர்ந்தால் கணக்கை மறுபடி நல்ல கணக்காக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருகிறது. பாதி கட்டினால் ஆகாது. 18 லட்சத்துக்கு நீ அலைய வேண்டியதில்லை, இதற்கு வழி பார். என் வைப்புத்தொகையில் 40,000 எடுத்துத் தருகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நோட்டீஸின் எண்ணும் தேதியும் மேலே இருக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு ஸ்கேன் அனுப்பு. கையெழுத்திட்ட அசல் கடிதத்தைக் கூரியரில் போடு. இணைக் கடன்தாரர் என்பதால் நானும் கையெழுத்துப் போடுவேன். நோட்டீஸில் கையெழுத்திட்ட அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் ஒன்று, கிளையில் நேரில் ஒன்று. கிளையில் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் நான் எழுந்து வரமாட்டேன். ரசீதை மட்டும் இன்று இரவுக்குள் அனுப்பிவிடு கண்ணா.

அம்மா