போர் ஆழம் 220 அடி, தண்ணீர் 35 அடி: இரண்டும் சரி, வந்த பம்பு பொருந்தவில்லை

அனுப்புநர்
குறுவை விவசாயி ஒருவர்,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
நீர்மூழ்கிப் பம்புசெட் நிறுவனம்,
கோயம்புத்தூர்.

மே 9

பொருள்: ஏப்ரல் 18 அன்று ஆர்டர் செய்த 5 எச்.பி. நீர்மூழ்கிப் பம்பை மாற்றித் தருவது குறித்து.

ஐயா, வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பிய மோட்டாரில் பழுது இல்லை. எங்கள் போருக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வாரமாகத் தேடியதில், நாங்கள் கொடுத்த இரண்டு பதில்களுக்கு நடுவில் போய் நின்றேன். அதைத்தான் எழுதுகிறேன்.

ஆர்டர் படிவத்தில் ‘ஆழம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. நான் 220 அடி என்று எழுதினேன். போர் போட்ட ஆழம் அது. நான்கு நாள் கழித்து உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா சந்தேகம் கேட்டுப் பேசினார். நான் வயலில் இருந்ததால் என் மகன் எடுத்தான். “220 அடின்னு போட்டிருக்கீங்க சார், தண்ணி எத்தனை அடியில இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். தை மாதம் கயிறு விட்டுப் பார்த்தது அவனுக்கு நினைவிருந்தது. “முப்பத்தஞ்சு அடியிலேயே இருக்கு மேடம்” என்றிருக்கிறான். “அப்போ 35ன்னு மாத்திக்கட்டுமா?” “மாத்திக்குங்க.” அந்த அம்மா கேட்டது நல்ல கேள்வி. போர் ஆழத்தை மட்டும் வைத்துப் பம்பு தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது தெரிந்தவர்தான் அப்படிக் கேட்பார். மகன் சொன்னதும் பொய்யில்லை. நான் எழுதியதும் பொய்யில்லை. ஆனால் ஒரே கட்டம் என்பதால் 220 அழிந்து 35 ஏறிவிட்டது.

மே 2 அன்று பம்பு வந்தது, கூடவே 60 அடிக்கான குழாயும் கேபிளும். பெயர்த் தகட்டில் ஹெட் 12 முதல் 24 மீட்டர் என்று இருந்தது. மெக்கானிக் இறக்கினார். ஸ்டார்ட்டரைப் போட்டதும் தண்ணீர் குழாய் நிறையப் பாய்ந்தது. அதைப் பார்த்து மகன் நாற்றங்கால் வாய்க்காலை வெட்டிவிடவே போய்விட்டான். இருபது இருபத்தைந்து நிமிடம்தான். அப்புறம் குழாய் இருமுவது போலச் சத்தம், நீர்மோர் மாதிரி நுரைத்த தண்ணீர், ஆம்பியர் முள் கீழே இறங்கி ஆட்டம் போட்டது. நிறுத்தி அரை மணி நேரம் கழித்துப் போட்டால் மறுபடி நன்றாக வரும், மறுபடி நுரைக்கும்.

மெக்கானிக் முதலில் மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். மூன்று பேஸும் சரியாக இருந்தன. காற்றை இழுக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, விடியற்காலையில் கல் கட்டிய கயிற்றை விட்டேன். 48 அடியில் நனைந்தது. தையில் ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடிய காலத்தில் 35, சித்திரை முடியும் நேரத்தில் 48. பம்பு தொங்குவதோ 60 அடியில். அதன் தலைக்கு மேல் வெறும் 12 அடித் தண்ணீர். ஓட ஓட மட்டம் இறங்கி அந்த 12 அடி தீர்ந்ததும் காற்று புகுந்துவிடுகிறது.

சரி, குழாய்தான் குறைவு என்று நினைத்து, மெக்கானிக்கிடம் 50 அடிக் குழாயும் கேபிளும் இரவல் வாங்கி 110 அடிக்கு இறக்கினோம். நுரை நின்றது. ஆனால் தண்ணீர் மட்டம் இறங்க இறங்கப் பாய்ச்சல் மெலிந்து, ஒரு மணி நேரத்தில் குழாய் பாதிகூட நிறையவில்லை. 24 மீட்டர் என்றால் ஏறக்குறைய 79 அடி. அதற்கு மேல் தள்ள அந்தப் பம்புக்குத் தெம்பில்லை. ஆக, குழாயை மட்டும் நீட்டித் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

பழைய மோட்டார் இருந்த காலத்து நோட்டைத் தேடி எடுத்தேன். ‘2 மணி நேரம் ஓட்டிய பின் மட்டம் 85 அடி’ என்று மெக்கானிக் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. எல்லோருக்கும் தேவைப்பட்ட எண் இதுதான். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை, போனில் இதைக் கேட்கவில்லை, நோட்டைப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. 85 அடியோடு தொட்டியின் உயரம் 5 அடி, குழாயில் உரசிப் போகும் கணக்குக்கு ஒரு 10 அடி. மொத்தம் 100 அடி, அதாவது சுமார் 30 மீட்டர்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 220 என்று நான் எழுதியதை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தாலும் இந்தக் கடிதம் வந்திருக்கும். அது 67 மீட்டர். ஸ்டேஜ் அதிகமுள்ள அந்தப் பம்பு 30 மீட்டரில் ஓடினால், தன் அளவுக்கு மேல் தண்ணீரை இழுக்கப் பார்த்து ஆம்பியரை ஏற்றிக்கொண்டு சூடாகியிருக்கும். எங்கள் போர் 220 அடி இறங்கியது, அடி மணலில் ஃபில்டர் குழாய் நிற்பதற்காக. தண்ணீரைத் தூக்க வேண்டிய உயரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனவே 220 ஒரு கேள்விக்கு விடை, 35 வேறொரு கேள்விக்கு விடை. ஒன்று சரி என்றால் மற்றது தவறு என்று நினைத்ததில்தான் இரண்டு பக்கமும் வழுக்கினோம். (படிவத்தில் பரப்பு என்ற இடத்தில் முக்கால் வேலி என்று எழுதியிருந்தேன், மகன் போனில் ஐந்து ஏக்கர் என்றான். இரண்டும் ஒரே 15 மா தான். அதை உங்கள் அலுவலகம் சரியாகப் புரிந்துகொண்டது.)

நான் கேட்பது இவ்வளவுதான். மோட்டார் அதே 5 எச்.பி. இருக்கட்டும். பம்புப் பகுதியை மட்டும், 30 மீட்டரில் நன்றாகத் தண்ணீர் தருகிற, கோடையில் 35 மீட்டர் வரை தாங்குகிற ஸ்டேஜ் கொண்டதாக மாற்றித் தாருங்கள். கூடுதல் 50 அடிக் குழாய்க்கும் கேபிளுக்கும் நானே பணம் தருகிறேன், எப்படியும் வாங்கியிருக்க வேண்டியவை அவை. பம்பின் விலை வித்தியாசத்தையும் போக்குவரத்தையும் நிறுவனம் ஏற்றுக்கொள்ளட்டும். மெக்கானிக் கூலியைக் கேட்கவில்லை. காற்று இழுத்தபடி மூன்று முறை ஓடியிருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. பேரிங்கைப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் உத்தரவாதம் உண்டா என்பதை எழுத்தில் தாருங்கள்.

முடிந்தால் படிவத்தில் அந்த ஒரு கட்டத்தை மூன்றாக்குங்கள்: போர் ஆழம், நின்ற தண்ணீர் எந்த மாதத்தில் எத்தனை அடி, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு எத்தனை அடி. போனில் வேறு எண் வந்தால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே எழுதி, இது எதைக் குறிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். அன்று பேசிய அம்மா மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். அவர் கேட்டதால்தான் பாதி விவரமாவது வெளியே வந்தது.

மேட்டூரில் ஜூன் 12-ல் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதுவரை நாற்றங்கால் போர்த் தண்ணீரில்தான் நிற்க வேண்டும். விதை ஊறவைக்காமல் காத்திருக்கிறேன். மே 16-க்குள் பம்பு வந்தால் இந்தக் குறுவை தப்பிக்கும். பம்பை மேலே எடுத்துத் தார்ப்பாயில் சுற்றி வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பும் முன் போன் செய்யுங்கள். மகன் எடுத்தாலும் பரவாயில்லை, நோட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் படிவ நகல், பெயர்த் தகட்டின் படம், நோட்டில் அந்தப் பக்கத்தின் படம்.