பாப்பாவின் பிறந்தநாளுக்கு வரும் சொந்தங்களுக்கு

அன்புள்ள தாத்தா பாட்டிகளுக்கும், அத்தை மாமா, சித்தி சித்தப்பாக்களுக்கும்,

பாப்பாவுக்கு நாலு வயது நிறைகிறது. என்ன வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். கேட்ட வாயாலேயே, "அவளுக்குத்தான் அந்தத் தீயணைப்பு வண்டி கார்ட்டூன் பிடிக்குமே" என்று பதிலும் சொல்லிவிடுகிறீர்கள்.

பிடிக்கும்தான். வேறெதையும் பார்க்க மாட்டாள். அதனாலேயே அந்த வண்டியின் முகம் போட்ட பை, தட்டு, போர்வை எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. பட்டனை அமுக்கினால் பேசும் வண்டியும் இருக்கிறது. அது நாலே வசனம்தான் பேசும். நாலையும் கேட்டு முடித்தபின் அதை வைத்து அவள் செய்ய ஒன்றுமில்லை.

அவள் விளையாடும்போது கொஞ்சம் கவனியுங்கள். பொம்மைப் பூனையை நாற்காலி மேல் ஏற்றி, "மாட்டிக்கிச்சு!" என்று கத்துவாள். அப்புறம் துண்டைத் தொங்கவிட்டு மெல்ல இறக்குவாள். மாட்டிக்கொண்டவரை மீட்கும் வேலையில்தான் அவளுக்கு ஆசை. அந்த வேலைக்குச் சாமான் வாங்கிக் கொடுங்கள்.

என் முதல் தேர்வு, படம் எதுவும் ஒட்டாத மரக்கட்டைகள். பத்து இருபது போதாது. சுவர் எழும்பும்போதே தீர்ந்துவிடும். ஐம்பது அறுபதாவது வேண்டும், அவற்றில் சில நீளப் பலகைகளும் இருக்க வேண்டும். அவளிடமுள்ள வண்டியின் அகலம் நாலு விரல். பலகை அதைவிட நன்றாக நீண்டிருந்தால்தான் ஷெட்டுக்குக் கூரையாகும், பாலமாகும். குட்டைக் கட்டைகளை வைத்துக் கூரை போட முடியாமல் அவள் அழுவதைச் சமாளிப்பது நாங்கள்.

டார்ச் லைட்டும் நல்ல யோசனை. ஆனால் பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்கட்டும். பொத்தான் போன்ற சின்ன பேட்டரி உள்ளவை வேண்டவே வேண்டாம். விழுங்கி உள்ளே சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடும். பூனையை இறக்க ஒரு கூடையும் கயிறும் கொடுக்கலாம். கழுத்தில் சுற்றிக்கொள்ளும் பயம் இருப்பதால், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுத்துத் தருவோம்.

பிரித்ததும், "இதுல வண்டி எங்கே?" என்று கேட்டுத் தூக்கிப் போட்டாலும் போடுவாள். மனசு சுருங்க வேண்டாம். கூட்டம் கலைந்ததும் தரையில் உட்கார்ந்து பாதிப் பாலம் மட்டும் கட்டுங்கள். அவளுடைய வண்டியை இந்தப் பக்கமும் பூனையை அந்தப் பக்கமும் நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். மிச்சத்தை அவளே கட்ட வரலாம். வராவிட்டால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

கார்ட்டூன் பொம்மைதான் வாங்குவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு (சித்தப்பா, உங்களைத்தான்) ஒரு சலுகை. அந்த வண்டியின் கூட்டாளியாக வரும் பேசாத சின்ன பொம்மை அவளிடம் இல்லை. அது வந்தால் கதையில் இன்னொரு ஆள் சேரும். ஒருவர் மட்டும் வாங்கினால் போதும், உங்களுக்குள் பேசி முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே வேறு ஏதாவது வாங்கியாகிவிட்டது என்றால், பில்லை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

அன்புடன்,
பாப்பாவின் அம்மா