இருபதாயிரத்துக்கு விற்றால் 19,747 ரூபாய் 55 காசு: கார்டு மெஷின் கொடுக்கும் வங்கிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடைகளுக்குக் கார்டு மெஷின் கொடுக்கும் வங்கிகளின் வணிகர் சேவைப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் சில சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். பாத்திரக் கடை, துணிக்கடை, மருந்துக் கடை என்று எந்தக் கடைக்குப் போனாலும் முதலாளி பாஸ்புக்கைக் காட்டிக் கேட்பது ஒரே கேள்விதான்: "சார், மெஷின்ல போட்டது இருபதாயிரம். பேங்க்ல வந்தது இருபதாயிரம் இல்லையே, ஏன்?"

இதற்குப் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதிலை நீங்கள் அவருக்குச் சொல்வதில்லை, நான் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

ஒரு பாத்திரக் கடையின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாகப் புரிய முழு எண்களாக வைத்திருக்கிறேன். ரூபே டெபிட் கார்டில் 3,200, 1,800 என்று இரண்டு பில். விசா டெபிட் கார்டில் 4,500, 1,500 என்று இரண்டு பில். கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்கிய ஒருவர் கிரெடிட் கார்டில் 9,000 ரூபாய். மொத்தம் 20,000.

ரூபே டெபிட் கார்டுக்குப் பிடித்தம் கிடையாது. ஒவ்வொரு விற்பனைக்கும் கடையிடம் சதவீதக் கணக்கில் பிடிக்கும் கட்டணத்துக்கு எம்டிஆர் என்று பெயர்; 2020 ஜனவரி 1 முதல் அதற்கும் யுபிஐக்கும் எம்டிஆர் பூஜ்யம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. முந்தைய நிதியாண்டின் விற்றுமுதல் 20 லட்சத்துக்கு மேல் இருந்தால், மெஷினில் தேய்க்கும் விற்பனைக்கு 0.90 சதவீதம்; ஒரு பில்லுக்கு 1,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்தக் கடை அந்த வகை. ஆகவே 4,500-க்கு 40 ரூபாய் 50 காசு, 1,500-க்கு 13 ரூபாய் 50 காசு. கிரெடிட் கார்டுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். இந்தக் கடைக்கு 1.80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 9,000-க்கு 162 ரூபாய். மூன்றும் சேர்த்து 216.

இதோடு முடியவில்லை. இந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. பில் தொகை 2,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அந்த வரிக்கு விலக்கு இருப்பதால், 1,500 ரூபாய் பில்லுக்கு வரி இல்லை. மற்ற இரண்டுக்கும் 7.29, 29.16 என்று 36 ரூபாய் 45 காசு. ஆக மொத்தப் பிடித்தம் 252.45. மறுநாள் வங்கியில் வந்து விழுவது 19,747.55.

இந்த 252 ரூபாயும் உங்களுக்கே வருவதில்லை என்று எனக்குத் தெரியும். எம்டிஆரில் பெரும்பகுதி வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது, ஒரு பகுதி கார்டு நிறுவனத்துக்கு, மிச்சம்தான் மெஷின் கொடுத்த உங்களுக்கு. வரி அரசாங்கத்துக்கு. கட்டணமே கூடாது என்று நான் எழுதவில்லை. கடைக்காரருடைய பாஸ்புக்கில் தெரிவது 19,747.55 என்ற ஒற்றை வரி. ஐந்து பில்லும் மூன்று விதமான விகிதமும் அதற்குள் மறைந்துகிடக்கின்றன. அதைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

உங்கள் தளத்தில் விவரமான அறிக்கை இருக்கிறது, மின்னஞ்சலிலும் போகிறது என்று சொல்வீர்கள். போகிறது, சரி. எந்த மின்னஞ்சலுக்கு? மெஷின் வைக்க வந்த உங்கள் ஊழியர் அன்றைக்கு எழுதிக்கொண்ட முகவரிக்கு. பல கடைகளில் அது முதலாளி திறந்தே பார்க்காத முகவரி. திறந்தாலும் இருபது முப்பது கட்டம் உள்ள ஆங்கில எக்செல் தாள். கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பவர் அதில் எதைத் தேடுவார்?

ஒற்றை வரியால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். பல கடைக்காரர்கள் வங்கியில் வந்த தொகையையே கார்டு விற்பனை என்று நோட்டில் எழுதிவிடுகிறார்கள். சரியாக எழுதினால் விற்பனை 20,000, பிடித்தம் 252.45 தனிச் செலவு. வாடிக்கையாளருக்குக் கொடுத்த பில் 20,000-க்கு இருக்கும்போது, ஜிஎஸ்டி கணக்கில் 19,747.55 காட்டினால் அது குறைத்துக் காட்டிய விற்பனை ஆகிவிடும். வழக்கமான முறையில் ஜிஎஸ்டி கட்டும் கடையாக இருந்தால் அந்த 36.45-ஐ உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். அதற்குக் கடையின் ஜிஎஸ்டி எண் போட்ட வரி ரசீது உங்களிடமிருந்து வர வேண்டும். எண் பதிவாகாமலே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் இந்தத் தொகை மாதாமாதம் வீணாகப் போகிறது.

வங்கியில் குறைந்து தெரிவதெல்லாம் கட்டணமும் அல்ல. ஒரு நாளின் கார்டு விற்பனையை மெஷின் மொத்தமாக வங்கிக்கு அனுப்பும் கட்டுதான் பேட்ச்; இரவு அதை மூடிய பிறகு தேய்த்த கார்டு அடுத்த நாள் பேட்சில் போகும். நாள் முடிவில் செட்டில்மென்ட் கொடுக்க வேண்டிய மெஷினில் பையன் அதை மறந்துவிட்டால் அன்றைய பணமே வராது. தேதியை வைத்துப் பார்த்தால் இரண்டாயிரம் மூவாயிரம் குறைகிற மாதிரி தெரியும், மறுநாள் அதே அளவு கூடுதலாக வரும். பேட்ச் எண்ணை வைத்துப் பார்த்தால்தான் சரியாகச் சேரும். மாதத்தில் ஒரு நாள் மெஷின் வாடகையும் வரியோடு கழியும். மூன்றும் ஒரே தொகையில் கலந்து வரும்போது எது எம்டிஆர், எது வாடகை, எது இன்னும் வராத பணம் என்று பிரிக்க, நான் மெஷின் ஸ்லிப்பை ஒவ்வொன்றாக எடுத்துவைக்க வேண்டியிருக்கிறது.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. டெபிட் கார்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் விகிதத்தைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி 2016-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் "எல்லா கார்டுக்கும் ஒரே ரேட்டு, 1.8" என்று வாய்மொழியாகச் சொல்லி மெஷின் விற்பது இன்னும் நடக்கிறது. மேலே சொன்ன கடையில் அப்படிப் பிடித்தால் ரூபே டெபிட்டின் 5,000-க்கே 90 ரூபாய் போய்விடும். சட்டப்படி அங்கே ஒரு காசும் பிடிக்கக் கூடாது. விசா டெபிட்டில் 54-க்குப் பதில் 108 போகும். ஒற்றை வரியைப் பார்க்கும் கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது.

விளைவு வாடிக்கையாளர் தலையில் விழுகிறது. "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்துக் குடுங்க" என்று கேட்கும் கடைகள் எங்கள் தெருவிலேயே உண்டு. எம்டிஆரை டெபிட் கார்டுக்காரரிடம் வசூலிக்கக் கூடாது என்பதையும், கடைகள் அப்படிச் செய்யாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்பதையும் ரிசர்வ் வங்கி தெளிவாக எழுதியிருக்கிறது. ரூபே டெபிட்டுக்குத் தனக்குச் செலவே இல்லை என்று தெரிந்த கடைக்காரர் அதற்கும் இரண்டு சதவீதம் கேட்க மாட்டார் என்றே நான் நம்புகிறேன்.

நான் கேட்பது பெரிய வேலை அல்ல. தினமும் பணம் போடும்போது ஒரு குறுஞ்செய்தி, தமிழில்: மொத்த விற்பனை இவ்வளவு, பேட்ச் எண் இது, ரூபே டெபிட், மற்ற டெபிட், கிரெடிட் ஒவ்வொன்றுக்கும் பிடித்தது இவ்வளவு, வரி இவ்வளவு, வாடகை இருந்தால் அது தனியாக. அப்புறம், ஏப்ரல் மாதம் ஒருமுறை கடையின் முந்தைய ஆண்டு விற்றுமுதலைக் கேட்டு வாங்குங்கள். 20 லட்சத்துக்கு உட்பட்ட கடைக்கு மெஷினில் டெபிட் உச்சவரம்பு 0.40 சதவீதம்தான், ஒரு பில்லுக்கு 200 ரூபாய்க்கு மேல் போகாது. வியாபாரம் குறைந்து அந்த வரம்புக்குள் வந்த கடைக்காரரிடம், இப்போது யாரும் கேட்காததால், பழைய 0.90-ஐயே பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கணினியில் அந்தக் கடைகளை எடுத்துப் பார்த்து, கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிப் போடுங்கள்.

இப்படிக்கு,
கும்பகோணத்திலிருந்து ஒரு கணக்கர்