திங்கட்கிழமை கட்டிவிடாதே

மாப்ளே,

ஏப்ரலில் நீ அனுப்பிய மெசேஜுக்கு ஜூனில் பதில் எழுதுகிறேன், திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முட்டி வலி அப்படியே இருக்கிறது, குண்டு ரவி என் ஸ்கூட்டரை இன்னும் திருப்பித் தரவில்லை. அவன் கதை அப்புறம்.

நேற்று ராத்திரி நீ அனுப்பிய அந்த இன்ஜினியரிங் கல்லூரியின் வழுவழு நோட்டீஸைப் பார்த்து, "திங்கட்கிழமைக்குள்ள அம்பதாயிரம் கட்டுனாத்தான் பாப்பாவுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டாம்" என்கிற உன் குரலையும் கேட்டதிலிருந்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. டிப்ளமோ படிக்கும்போது பரோட்டாக் கடைப் பில்லையே நாலு தரம் கூட்டிப் பார்ப்பவன் நீ. இப்போது மட்டும் என்ன அவசரம்?

96 சதவீதம் பிளேஸ்மென்ட், 410 ஆஃபர், அதிகபட்சம் 44 லட்சம் என்று போட்டிருக்கிறார்களே, அதை ஓரமாக வை. அந்தக் கல்லூரி வெப்சைட்டின் அடிப்பக்கம் போனால் என்.ஐ.ஆர்.எஃப் என்று சின்னதாக ஒரு இணைப்பு இருக்கும். மத்திய அரசின் தரவரிசைக்கு அவர்களே கொடுத்த கணக்கு அது, பிடிஎஃப்பாக இருக்கும். நேற்று ஒரு மணி வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி பேட்ச்சில் முதலாண்டில் சேர்ந்தவர்கள் 612, டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் வந்தவர்கள் 48. அதாவது நம்மைப் போன்றவர்கள். மொத்தம் 660. நாலு வருஷத்தில் ஒழுங்காக டிகிரி முடித்தவர்கள் 402, வேலை கிடைத்தவர்கள் 268.

இப்போது வகுத்துப் பார். முடித்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குத்தான் வேலை. சேர்ந்தவர்களை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு நாற்பத்தொன்று. அப்புறம் 96 எங்கிருந்து வந்தது? இதைத்தான் ரொம்ப நேரம் யோசித்தேன். நோட்டீஸில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது, பெரிதாக்கிப் பார், கீழே 'தகுதியுள்ள மாணவர்களில்' என்று எறும்பு எழுத்தில் இருக்கும். அரியர் இருந்தால் தகுதி இல்லை, அறுபது சதவீதத்துக்குக் கீழே என்றால் இல்லை, பிளேஸ்மென்ட் செல்லில் பெயர் பதியாதவன் இல்லை. இப்படிக் கழித்துக் கழித்து 280 பேரைக் கீழே நிறுத்தி 268-ஐ வகுத்தால் 96 வந்துவிடும். ஆஃபர் 410 என்பதும் பொய்யில்லை, ஒரே பையன் மூன்று கம்பெனியில் தேர்வானால் மூன்றாக எண்ணுவார்கள்.

அந்த 44 லட்சம் ஒருவனுக்கு வந்ததுதான். நீ பார்க்க வேண்டியது மீடியன் சம்பளம். 268 பேரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவன் வாங்குவது அது. 3 லட்சத்து 20 ஆயிரம் என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு குறை, இந்தப் பிடிஎஃப் கல்லூரி முழுவதற்கும் சேர்த்து. கம்ப்யூட்டர் சயின்ஸ் தனியாக இருக்காது. அதனால் போன வருஷம் அந்தப் பிரிவில் தேர்வானவர்கள் பட்டியலைக் கேள், கம்பெனி பெயரோடும் சம்பளத்தோடும். "அதெல்லாம் ரகசியம் சார்" என்றால் சிரித்துவிட்டு எழுந்து வா.

ஏ பிளஸ் பிளஸ் என்று கேட்டின் மேல் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்றாயே, அது நாக் என்கிற தரச்சான்று, முழுக் கல்லூரிக்கும் சேர்த்துக் கொடுப்பது. பாப்பா சேரும் பிரிவுக்கு வேண்டியது என்.பி.ஏ. அங்கீகாரம், அது பிரிவு பிரிவாகத்தான் தருவார்கள், குறிப்பிட்ட வருஷங்களுக்குத்தான் செல்லும். மெக்கானிக்கலுக்கு வாங்கியதை எல்லாவற்றுக்கும் வாங்கியதுபோல நோட்டீஸில் போடுவது வழக்கம். அந்தப் புதுசாக வந்த ஏ.ஐ. பிரிவைக் காட்டி "இதுவும் என்.பி.ஏ" என்றால் இன்னும் உஷாராக இரு, இரண்டு பேட்ச் படித்து வெளியேறாமல் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. எந்தப் பிரிவு, எந்தத் தேதி வரை என்று என்.பி.ஏ. தளத்திலேயே இருக்கிறது.

இனி வாத்தியார் கதை. போன வருஷம் தங்கச்சி மகனோடு நான் ஒரு கல்லூரிக்குப் போனேனே, அங்கே அவன் கேட்ட பிரிவில் வருஷத்துக்கு 120 பேர். தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஆக நாலு வருஷத்துக்கு 480 பேர், 24 ஆசிரியர். துறையின் பக்கத்தில் 26 படங்கள், எல்லோரும் கோட்டு சூட்டு. தங்கச்சி வீட்டுக்காரர் ஃபீஸ் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் பாத்ரூம் போகிற சாக்கில் மாடிக்குப் போய், நோட்டீஸ் போர்டில் டைம் டேபிளைப் பார்த்தேன். ஆறு செக்‌ஷன், ஒவ்வொரு கட்டத்திலும் பாடத்துக்குக் கீழே ஆசிரியர் இனிஷியல். விரல் விட்டு இரண்டு தரம் எண்ணினேன், மொத்தம் பதினோரு இனிஷியல்தான். முதலாண்டுக்குக் கணக்கும் இயற்பியலும் எடுப்பவர்களைச் சேர்த்தால்கூட 24 வராது. ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளின் பட்டியலில் முழுநேர ஆசிரியராக இருக்கிறார் என்று 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்ததே, அது வேறு எங்கேயோ நடந்தது என்று நினைத்திருந்தேன். என்.ஐ.ஆர்.எஃப் பிடிஎஃப்பில் ஆசிரியர் பெயரும் சேர்ந்த தேதியும் இருக்கும், ஒரே மாதத்தில் கூட்டமாகச் சேர்ந்திருந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன் மாதமா என்று யோசி.

அதையெல்லாம் பார்த்துவிட்டும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே வந்து வாயைத் திறக்கவில்லை. அவர்கள் ஜூஸ் கொடுத்தார்கள், "கடைசி ரெண்டு சீட்டு" என்றார்கள், மாப்பிள்ளை முன்னால் நான் எதற்கு என்று இருந்துவிட்டேன். ஐம்பதாயிரம் கட்டினார்கள். ஒரு மாதத்தில் பையனுக்குக் கவுன்சிலிங்கிலேயே நல்ல இடம் கிடைத்தது. பணத்தைக் கேட்கப் போனால் ரசீதை எடுத்துக் காட்டினார்கள். கல்லூரி பெயரே அதில் இல்லை, ஏதோ டிரஸ்ட் பெயர், 'நன்கொடை' என்று இருந்தது. வகுப்பு தொடங்கும் முன் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது, ஒரிஜினல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. ஆனால் நன்கொடை ஃபீஸ் இல்லையே, விதியை எங்கே போய்க் காட்டுவது? தங்கச்சி இன்னும் என்னிடம் பழையபடி பேசுவதில்லை. இதை உன்னிடம்தான் சொல்கிறேன், ரவியிடம் போய்க் கொட்டிவிடாதே.

அதனால் ரசீது கல்லூரி பெயரில், 'டியூஷன் ஃபீஸ்' என்று, செக்கிலோ ஆன்லைனிலோ. ரொக்கமாகக் கேட்டால் வேண்டாம். ஃபீஸையும் ஒரு வருஷத்துக்கு மட்டும் கேட்காதே, நாலு வருஷத்துக்கும் காகிதத்தில் கேள்: பிளேஸ்மென்ட் பயிற்சி, லேப்டாப், யூனிஃபார்ம், ஏறாவிட்டாலும் கட்ட வேண்டிய பஸ், மெஸ்ஸில் சாப்பிடாத மாதத்துக்கும் பிடிக்கிற தொகை. கட்டண நிர்ணயக் குழு 2017-இல் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வருஷத்துக்கு 85,000, அங்கீகாரம் பெற்ற பிரிவுக்கு 87,000 என்று வைத்தது. உன்னிடம் ஒன்றே முக்கால் லட்சம் சொல்கிறார்கள் என்றால் மீதி எந்தப் பெயரில் என்று எழுதித் தரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். ஆறரை மணி பஸ்ஸில் ஏறினால் பதினொன்றுக்கு உன் வீட்டில் இருப்பேன், இரண்டு பேருமாகக் கல்லூரிக்குப் போவோம். நீ ஃபீஸ் பேசு, நான் பாத்ரூம் போகிறேன்.

பாப்பாவுக்கு என் அன்பு. அவள் கட் ஆஃப் எவ்வளவு என்று கடைசிவரை நீ சொல்லவே இல்லை, கவுன்சிலிங்குக்குப் பதிந்தாயா இல்லையா?

முருகேசன்