போடே பிளாட் கேள்விக்கு ஆன்சர் கீ போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்ட்ரோல் சிஸ்டம் பேப்பருக்கு கேள்வி எடுக்குற, விடைத்தாள் திருத்துற எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு விஷயம்தான் கேக்கணும். "போடே பிளாட் வரைந்து கெய்ன் மார்ஜின், ஃபேஸ் மார்ஜின் காண்க"னு கேள்வி குடுக்குறீங்க, பையன் ஸ்கேல் வச்சு நேர்கோட்டுல வரையுறான், உங்க கீ-ல இருக்கறதோ கால்குலேட்டர்ல போட்ட துல்லியமான நம்பர். ரெண்டும் ஒத்து வராது, வரவும் வாய்ப்பில்ல.

இத எடுத்துக்கங்க:

```
G(s) = 10 / ( s (s+1)(s+5) )
```

1 ரேடியன் வரைக்கும் சரிவு டெக்கேடுக்கு 20 டெசிபல், அங்க கோடு 6 டெசிபல்ல நிக்குது, அப்புறம் 40 சரிவுல இறங்கி 1.41-ல 0 டெசிபல வெட்டுது. அதே ஃப்ரீக்வென்சியில நேரா கீழ ஃபேஸ் பிளாட்டுக்கு எறங்குனா -160.5 டிகிரி, -180-க்கு இன்னும் 19.5 டிகிரி பாக்கி, அதான் ஃபேஸ் மார்ஜின். கெய்ன் மார்ஜினுக்கு வழி தலைகீழ். ஃபேஸ் -180-ஐ தொடுற எடத்த மொதல்ல பிடிக்கணும் (இங்க 2.24), அங்கருந்து மேல மேக்னிட்யூட் பிளாட்டுக்கு போகணும், கோடு 0-க்கு எவ்ளோ கீழ இருக்கோ அதுதான் விடை, 8 டெசிபல். பாதி பேரு இந்த ரெண்டையும் மாத்தி, 0 டெசிபல வெட்டுற எடத்துலயே ரெண்டு மார்ஜினையும் தேடுவாங்க, அவங்களுக்கு மார்க் போடாதீங்க, அதுல எனக்கு சண்டையே இல்ல.

ஆனா சரியா படிச்சவனுக்கும் 19.5, 8-னு வருது, உங்க கீ-ல 25.4 டிகிரி, 9.5 டெசிபல்னு இருக்கு. காரணம் சிம்பிள்: கார்னர்ல நெஜ வளைவு கோட்டுக்கு 3 டெசிபல் கீழ ஓடும், கார்னர்ல பாதிக்கு எறங்குனாலும் ரெண்டு மடங்குக்கு ஏறுனாலும் 1 டெசிபல் கீழதான். அதனால நெஜ வளைவு 0-வ முன்னாடியே, 1.23 பக்கத்துல வெட்டிடுது, அங்க ஃபேஸ் அவ்ளோ கீழ போயிருக்காது. கார்னர்லயும் அதுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி வச்சு கையாலயே வளைச்சு வரைஞ்சா கிட்டத்தட்ட அந்த நம்பருக்கு வந்துடலாம். நீங்க கேள்வியில "வளைவைத் திருத்தி வரைக"னு ஒரு வரி சேத்தா போதும், இல்லன்னா கோட்டுல படிச்ச விடைக்கும் முழு மார்க் போடுங்க.

"ஆறு டிகிரிக்கா இவ்ளோ பெரிய லெட்டர்?"னு கேப்பீங்க. இங்க கோடு பொய் சொன்னாலும் நமக்கு நல்லதாத்தான் சொல்லுச்சு, நெஜத்த விட மார்ஜின கம்மியா காட்டுச்சு, யாருக்கும் நஷ்டமில்ல. எல்லா நேரமும் அப்படி இருக்காதுங்கறதுதான் பிரச்சனை, இத பாருங்க:

```
G(s) = 0.4 / ( s (s² + 0.2s + 1) )
```

டேம்பிங் ரேஷியோ 0.1. கோடு மட்டும் போட்டா 0.4 ரேடியன்லயே 0 டெசிபல வெட்டிடும், அங்க ஃபேஸ் -95 டிகிரி, அதாவது ஃபேஸ் மார்ஜின் 85 டிகிரி பக்கம். ஃபேஸ் -180-ஐ தொடுறது 1-ல, அங்க கோடு -8 டெசிபல், கெய்ன் மார்ஜின் 8. ரெண்டும் பாசிட்டிவ், பையன் "ஸ்டேபிள்"னு எழுதி ரெண்டு அடிக்கோடும் போட்டுடுவான். ஆனா நெஜத்துல 1-ல ஒரு பீக் நிக்குது, ரெண்டு மடங்கு டேம்பிங்குல ஒன்ன வகுத்தா அஞ்சு மடங்கு, 14 டெசிபல். -8-ல 14-ஐ கூட்டுனா +6, அப்ப கெய்ன் மார்ஜின் -6 டெசிபல். ஃபேஸ் மார்ஜின் கதை இன்னும் மோசம், வளைவு 0.4 பக்கத்துல 0-வ வெட்டவே இல்ல, அதுக்கு மேல ஒட்டிக்கிட்டே போய் பீக்குல ஏறி 1.13-லதான் கீழ இறங்குது, அங்க ஃபேஸ் -230, மார்ஜின் மைனஸ் 50. நம்பலன்னா ரௌத் போட்டு பாருங்க:

```
s³ + 0.2s² + s + 0.4
0.2 × 1 < 0.4
```

லூப்ப மூடுனா ஆட்டம் பெருசாகிட்டே போகும்.

இந்த மாதிரி ஒரு கேள்விய பேப்பர்ல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, எப்பவும் தனித்தனி ரியல் போல்தான், கோடு போட்டாலே ஓடிடும். அதனால ஒண்ணு பண்ணுங்க, ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷனே குடுக்காம, பீக் இருக்கற வளைவ கிராஃப்பாவே அச்சடிச்சு குடுத்து, 0-வ எங்க வெட்டுது, -180-ஐ எங்க தொடுது, ரெண்டு மார்ஜினும் எவ்ளோன்னு மட்டும் கேளுங்க. வளைவு 0-வ ஒரு தடவைக்கு மேல வெட்டுற மாதிரி ஒரு பிளாட் இருந்தா இன்னும் நல்லது, அப்ப எந்த எடத்துல படிக்கணும்னு யோசிச்சே ஆகணும், மனப்பாடம் வேலைக்காவாது. திருத்தும்போது ஒண்ணு ரெண்டு டிகிரி, ஒரு டெசிபல் முன்ன பின்ன இருந்தா விட்டுடுங்க, கிராஃப் ஷீட்ல அதுக்கு மேல துல்லியம் யாராலயும் படிக்க முடியாது.