இறால் வளர்ப்போர் சங்கம், தேவிபட்டினம் வட்டாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, பயிற்சிக்கு வந்திருக்கும் மீன்வள மாணவர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நான்கு கூட்டங்கள் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். அறிக்கையின் பெரும்பகுதியை நவம்பரில் என் சொந்தக் குளத்தில் வந்த வெள்ளைப்புள்ளி நோய்க்கே ஒதுக்குகிறேன். செயலாளர் குளத்திலேயே நோயா என்று சிரித்தவர்களும் இதைக் கேட்கட்டும்.

குளம் ஒரு ஏக்கர். வனாமி இறால் விட்டு 52 நாள், சராசரி எட்டு கிராம். குஞ்சு பிசிஆர் சோதனையில் சுத்தமாகத்தான் வந்தது. மூன்று நாள் அடைமழை பெய்து உப்பும் சூடும் ஒன்றாக இறங்கின. நீர் குளிரும்போது இந்த நோயைத் தரும் வைரஸுக்குக் கொண்டாட்டம். நான்காம் நாள் காலை செக் ட்ரேயில் தீவனம் அப்படியே கிடந்தது. வடகரை ஓரமாக ஆறேழு இறால் ஒதுங்கி நின்றன. குச்சியால் தொட்டேன், துள்ளவில்லை. உடம்பு இளஞ்சிவப்பு. ஒன்றை எடுத்துத் தலை ஓட்டை உரித்து, உட்புறத்தைத் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்தேன். உப்புப்பொடி ஒட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள், தேய்த்தாலும் போகவில்லை. மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வனாமியில் பல நேரம் புள்ளி தெரியாது, சிவப்பும் சோர்வும் மட்டுமே இருக்கும். ஆகவே புள்ளி இல்லை என்று நிம்மதி அடைய முடியாது. உறுதி செய்வது பிசிஆர்தான். மாதிரியை அன்றே அனுப்பினேன், மறுநாள் நோய் உறுதியானது.

இதற்கு மருந்து கிடையாது. பத்து நாளுக்குள் குளமே காலியாகிவிடும். விற்கிற அளவு இறால் இருந்ததால் பிடித்துவிட முடிவு செய்தோம். மனிதருக்கு இந்த வைரஸால் கெடுதி இல்லை. மதகைத் திறந்து தண்ணீரை வடித்துப் பிடித்தால் வேலை சுலபம். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடைக்குப் போகும், கீழே இருக்கிறவர்கள் அதையே மோட்டார் வைத்து இறைப்பார்கள். முந்தைய ஆண்டு ஒருவர் இரவோடு இரவாக மதகைத் திறந்ததில் ஏழு குளங்கள் போயின. அவரைக் கூட்டத்தில் ஏசியவன் நான். என் மதகுக்கு இரண்டு பலகை கூடுதலாகப் போட்டு, களிமண் அடைத்து, இழுவலையாலேயே பிடித்தோம். சுமார் 700 கிலோ தேறியது. ஓடையை நம்பிய அத்தனை பேருக்கும் அன்றே போன் போட்டு, தண்ணீர் இறைக்க வேண்டாம் என்று சொன்னேன். செத்த இறாலைக் காக்கையும் கொக்கும் அடுத்த குளத்தில் போடாதபடி பொறுக்கி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

அடுத்தது, குளத்துத் தண்ணீரில் மிஞ்சிய வைரஸைக் கொல்ல பிளீச்சிங் பவுடர். கணக்கு எளிது. ஒரு ஏக்கர் 4,000 சதுர மீட்டர், ஆழம் 1.2 மீட்டர், ஆக 4,800 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் என்பது ஒரு பிபிஎம். 60 பிபிஎம் என்றால் 288 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை பன்னிரண்டு. பவுடரில் 30 சதவீதம் குளோரின் இருந்தால் தண்ணீரில் 18 பிபிஎம் குளோரின் கிடைக்கும்.

நான் சறுக்கியது இங்கேதான். வாங்கிய மூட்டைகள் பழசு, மூக்கில் ஏறுகிற நெடி இல்லை. தண்ணீரோ பாசி கட்டிப் பழுப்பாக இருந்தது. பாசியும் சேறும் குளோரினை முதலில் தின்றுவிடும். போட்ட நேரத்தில் தவறில்லை, அந்தியில், வெயில் தாழ்ந்த பிறகுதான் போட்டேன். மூன்று மணி நேரம் கழித்துக் குளோரின் சோதிக்கும் கிட்டில் பார்த்தால், குளோரின் இருந்தால் வரவேண்டிய மஞ்சள் நிறமே வரவில்லை. வேறு கடையில் புது மூட்டை ஆறு வாங்கிப் போட்ட பிறகே நிறம் வந்தது. மூட்டை எண்ணிக்கையை நம்பாதீர்கள், தண்ணீரில் மிஞ்சுகிற குளோரினைப் பாருங்கள். மதகைப் பத்து நாள் மூடியே வைத்து, மஞ்சள் அறவே மறைந்த பிறகுதான் திறந்தேன்.

வைரஸ் எப்படி உள்ளே வந்தது? மழையில் கரை சரிந்து நண்டு வேலியில் ஒரு முழ அளவு இடைவெளி விழுந்திருந்தது. அந்த இடத்தில் பிடித்த இரண்டு நண்டுகளைச் சோதித்ததில் ஒன்றில் வைரஸ் இருந்தது. நண்டு இதைச் சுமந்துகொண்டே சாகாமல் திரியும். வேறு வழியிலும் வந்திருக்கலாம், ஆனால் அந்த இடைவெளியை மழை விட்ட அன்றே நான் நடந்து பார்த்திருக்க வேண்டும்.

ஓடையின் கீழே இந்த ஆண்டு ஒரு குளத்திலும் நோய் வரவில்லை. மழைக்கு முன்பே சங்கச் செலவில் நாற்பது மூட்டை பிளீச்சிங் வாங்கி வைப்பது என்று தீர்மானித்தோம். ஈரம் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் மரப்பலகை மேல் அடுக்கி, வாங்கிய தேதியை மூட்டை மேலேயே எழுத வேண்டும். ஷெட் சாவி பொருளாளரிடமும் என்னிடமும் இருக்கும். ராத்திரி எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாம்.

செயலாளர்